பூட்டுப் போட்டாச்சு, இனி கை வைக்கலாமா?

கேள்வி: ஒரு ஆலையின் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. தொட்டியின் தண்ணீர் மட்டத்தைப் பொறுத்துத் தானாக ஓடி நிற்கும் பம்ப் ஒன்று ஓவர்லோடில் ட்ரிப் ஆகி நின்றிருந்தது. மோட்டார் டெர்மினல் பாக்ஸில் ஒரு கேபிள் முனை கருகியிருக்கும் என்று சந்தேகம். பக்கத்தில் உள்ள ஐசொலேட்டரை ஆஃப் செய்து சீனியர் தன் பூட்டைப் போட்டார். ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்தோம், ஓடவில்லை. பாக்ஸைத் திறந்து ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டரை வைத்தார், எரியவில்லை. "சரி, நட்டைக் கழற்று" என்றார். எனக்குத் தயக்கமாக இருந்தது, ஆனால் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. பூட்டுப் போட்ட பிறகும் பார்க்க வேண்டியது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. உங்கள் சீனியர் எதையும் செய்யாமல் விட்டுவிடவில்லை. பூட்டினார், ஸ்டார்ட் அழுத்தினார், டெஸ்டர் வைத்தார். மூன்றும் செய்ய வேண்டியவைதான். ஆனால் ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: அந்த டெர்மினலுக்கு மின்சாரம் வர வழி இருந்திருந்தால், இந்தச் சோதனை வேறு விடை சொல்லியிருக்குமா? அன்றைக்கு இருந்த நிலையில் மூன்றுமே அதே விடையைத்தான் சொல்லியிருக்கும்.

முதலில் ஸ்டார்ட் பட்டன். மோட்டார் ஓவர்லோடில் ட்ரிப் ஆகி நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓவர்லோட் ரிலே ட்ரிப் ஆனால், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் கன்ட்ரோல் சப்ளை அறுந்துவிடும். அந்த நிலையில் யார் எத்தனை முறை ஸ்டார்ட் அழுத்தினாலும் மோட்டார் ஓடாது, ஐசொலேட்டர் ஆனில் இருந்தாலும் ஓடாது. போதாததற்கு இது ஆட்டோவில் ஓடும் பம்ப். செலக்டர் ஸ்விட்ச் ஆட்டோவில் இருக்கும்போது பல இடங்களில் லோக்கல் ஸ்டார்ட் பட்டனுக்கு வேலையே இருக்காது. ஆக, ஓடவில்லை என்பதற்கு உங்கள் கண் முன்னால் இரண்டு காரணங்கள் இருந்தன. ஐசொலேட்டர் மூன்றாவது காரணம்தானா என்பதை அந்தச் சோதனை சொல்லவே இல்லை.

இதைச் சரியாகச் செய்ய வேண்டுமானால் வரிசை வேறு. நன்றாக ஓடும் நிலையில் உள்ள மோட்டார் என்றால், செலக்டரை மேனுவலில் வைத்து, பட்டனை அழுத்தினால் ஓடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு ஸ்டாப், ஐசொலேட்டர் ஆஃப், பூட்டு. அப்புறம் அதே பட்டனை அதே நிலையில் அழுத்த வேண்டும். முன்பு ஓடியது இப்போது ஓடவில்லை என்றால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு. அழுத்திப் பார்த்த கையோடு ஸ்டாப்பையும் அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் கட்டளை எங்காவது தங்கிவிட்டு, பூட்டை எடுத்து ஐசொலேட்டரை ஆன் செய்த கணத்தில் மோட்டார் கிளம்பலாம். உங்கள் மோட்டாரைப் போல ட்ரிப் ஆகி நிற்பதை ஓட்டிப் பார்க்கக் கூடாது. அங்கே ஸ்டார்ட் சோதனையை ஒரு சாட்சியாகவே கணக்கில் எடுக்காதீர்கள், அளவீட்டை மட்டும் நம்புங்கள்.

அடுத்தது பூட்டு. பூட்டு செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கைப்பிடியை யாரும் ஆனுக்குத் திருப்ப முடியாது. உள்ளே மூன்று ஃபேஸின் கான்டாக்ட்டுகளும் உண்மையிலேயே பிரிந்தனவா என்பது பூட்டுக்குத் தெரியாது. நல்ல ஐசொலேட்டர்களில் கான்டாக்ட் பிரியாவிட்டால் கைப்பிடி ஆஃப் நிலைக்கே வராதபடி அமைப்பு இருக்கும். ஆனாலும் பல வருடம் வெளியில் நின்று, சூட்டையும் ஈரத்தையும் வாங்கிய ஒன்றில் ஒரு ஃபேஸின் கான்டாக்ட் உருகி ஒட்டிப்போவதும், கைப்பிடிக்கும் உள் தண்டுக்கும் இடையிலான இணைப்பு தேய்ந்து கைப்பிடி மட்டும் திரும்புவதும் நடக்கக்கூடியவை. கேபிள் முனை கருகியிருக்கும் என்று சந்தேகிக்கும் ஒரு சர்க்கியூட்டில், அதே சூடு ஐசொலேட்டரையும் பதம் பார்த்திருக்குமா என்று நினைப்பது இயல்பான முன்னெச்சரிக்கை.

இப்போது உங்கள் பம்பையே எடுத்து, ஒரு ஃபேஸ் மட்டும் ஐசொலேட்டருக்குள் ஒட்டிக்கொண்டது என்று வைத்துப் பார்ப்போம். நீங்கள் டெர்மினல் பாக்ஸைத் திறந்தபோது, மோட்டார்களின் பிரேக்கர்களும் கான்டாக்டர்களும் இருக்கும் தூரத்து எம்.சி.சி. பேனலில் உள்ள கான்டாக்டர் திறந்திருந்தது, ஏனென்றால் ஓவர்லோட் ட்ரிப். அதனால் ஐசொலேட்டர் வரைக்கும்கூட மின்சாரம் வரவில்லை. டெஸ்டர் எரியவில்லை. ஐசொலேட்டர் சரியாக இருந்தாலும் எரிந்திருக்காது, பழுதாக இருந்தாலும் எரிந்திருக்காது. நீங்கள் நட்டில் ஸ்பேனரை வைத்த நேரத்தில், பேனல் அறையில் வேறு யாரோ ட்ரிப் விளக்கைப் பார்த்து ரிசெட் பட்டனை அழுத்துகிறார். அல்லது ரிலேயை ஆட்டோ ரிசெட்டில் வைத்திருக்கிறார்கள், அதன் உள்தகடு சில நிமிடங்களில் ஆறித் தானாகவே திரும்பிவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் குறைவு, பம்பைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி. ஓடு என்கிறது, கான்டாக்டர் மூடுகிறது. ஒட்டிக்கொண்ட அந்த ஒரு ஃபேஸ் மோட்டாருக்கு வந்துவிடும்.

அப்போது எதுவும் அசையாது, சத்தமும் வராது. ஒரே ஒரு ஃபேஸ் மட்டும் வந்து, திரும்பிப் போக வழி இல்லாததால் வைண்டிங்கில் கரன்ட் ஓடாது. மோட்டார் முனகக்கூட முனகாது. ஆனால் வைண்டிங் வழியாக மூன்று டெர்மினல்களும் அந்த ஃபேஸின் மின்னழுத்தத்துக்கு ஏறி நிற்கும். திரும்பிப் போக வழியாக அமைவது, எர்த் ஆன மோட்டார் பாடியில் ஒரு கையும் டெர்மினலில் ஒரு கையும் வைத்திருக்கும் ஆள்தான்.

இதில் அளவு எடுப்பவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. 400 வோல்ட் மூன்று ஃபேஸ் அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபேஸ் மட்டும் ஒட்டியிருக்கும் மேற்படி நிலையில், யு, வி, டபிள்யு டெர்மினல்களை ஒன்றோடொன்று அளந்தால் மூன்று முறையும் பூஜ்யம் வரும், ஏனென்றால் மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் எர்த்தோடு அளந்தால்தான் 230 வோல்ட் தெரியும். ஃபேஸுக்கு ஃபேஸ் மட்டும் அளந்து "செத்திருக்கு" என்று சொல்லிவிடும் பழக்கம் பரவலாக உண்டு. அளவு ஆறு: ஃபேஸுக்கு ஃபேஸ் மூன்று, ஃபேஸுக்கு எர்த் மூன்று. பின்னதை விட்டால் முன்னதற்கு மதிப்பில்லை.

எர்த் என்று எதில் முனையை வைக்கிறோம் என்பதும் முக்கியம். பெயிண்ட் அடித்த மோட்டார் பாடியில் வைத்தால் பெயிண்ட்டே இன்சுலேஷன், எது வந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். பாக்ஸுக்குள் உள்ள எர்த் போல்ட்டில், சுரண்டிய உலோகத்தில் வையுங்கள். அந்த எர்த் கம்பி கழன்றிருந்தாலும் பொய்யான பூஜ்யம் வரும் என்பதால், அதன் தொடர்ச்சியையும் அளப்பவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆகவே உங்கள் வேலைக்குப் பூட்ட வேண்டிய இடம், மோட்டார் பக்கத்து ஐசொலேட்டர் மட்டும் அல்ல. எம்.சி.சி.யில் அந்த மோட்டாருக்கான பிரேக்கரையே ஆஃப் செய்து அங்கேயும் பூட்ட வேண்டும். இழுத்து வெளியே எடுக்கும் வகை டிராயர் என்றால், அதை வெளியே இழுத்து அந்த நிலையில் பூட்டலாம். அப்போது ரிசெட், பி.எல்.சி., தண்ணீர் மட்டம் எதுவுமே பிரச்சினை இல்லை. ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது பூட்டு ஆகாது. அதே அளவு ஃபியூஸ் ஸ்டோரில் இன்னொன்று இருக்கும், ஓடவில்லையே என்று பார்க்க வரும் அடுத்த ஆள் அதைக் கொண்டு வருவார். எமர்ஜென்சி ஸ்டாப்பும் அப்படித்தான். அது கான்டாக்டரின் காயிலை விடுவிக்கும், அவ்வளவே. கான்டாக்டரின் மேல் பக்கம் முழு மின்சாரத்தோடு நிற்கும்.

டெஸ்டருக்கு வருவோம். நியான் விளக்கு வைத்த ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டர் எரிய வேண்டுமானால், மிகச் சிறிய கரன்ட் உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். நீங்கள் ரப்பர் மேட்டில், கனமான ஷூவோடு நின்றால் அது மங்கலாக எரியும் அல்லது எரியாது. வெயிலில் எரிந்தாலும் தெரியாது. பாதுகாப்பாக நின்றால் வேலை செய்யாத கருவியை வைத்துப் பாதுகாப்பை முடிவுசெய்ய முடியாது. தொடாமல் காட்டும் பேனா டெஸ்டர்களும் இதற்கு உதவாது. கவசம் போட்ட கேபிளுக்குள் இருப்பது அதற்குத் தெரியாது, டி.சி. தெரியவே தெரியாது. இவை எரிந்தால் நம்பி விலகுங்கள். எரியாவிட்டால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

வேண்டியது இரண்டு முனைகள் கொண்ட வோல்டேஜ் டெஸ்டர். மல்டிமீட்டரும் பயன்படும், ஆனால் அதில் தேர்வுக் குமிழ் இருக்கிறது, தவறான இடத்தில் நிற்கலாம். வயர் ஆம்பியர் துளையில் செருகியிருந்தால் மீட்டரே ஷார்ட் சர்க்கியூட் ஆகி வெடிக்கக்கூடும். இன்னொன்று, டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை மிக அதிகம். பக்கத்துக் கேபிளிலிருந்து தூண்டப்பட்ட பல பத்து வோல்ட்டைக்கூடக் காட்டிக் குழப்பும். இரண்டு முனை டெஸ்டரில் குமிழ் கிடையாது. அது கொஞ்சம் கரன்ட் இழுப்பதால் இந்தப் போலி அளவுகளும் பெரும்பாலும் விழுந்துவிடும்.

எந்தக் கருவியானாலும் அளவு எடுக்கும் முறை மூன்று படி. முதலில், மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்த ஓர் இடத்தில் வைத்துக் கருவி காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கென்றே பேட்டரியில் இயங்கும் சோதனைப் பெட்டிகள் உண்டு, அது இருந்தால் லைவ் பேனலைத் தேடிப் போக வேண்டாம். பிறகு வேலை செய்யும் இடத்தில் அளக்க வேண்டும். அப்புறம் மறுபடி அதே தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது மூன்றாவது படியைத்தான். நடுவில் வயர் அறுந்திருக்கலாம், பேட்டரி போயிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம். கடைசிச் சோதனையில் கருவி காட்டவில்லை என்றால் நடுவில் வந்த பூஜ்யங்கள் அத்தனையும் செல்லாது, கருவியை மாற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவும் செய்து ஆறு அளவும் பூஜ்யம் வந்தாலும் உங்கள் டெர்மினல் பாக்ஸில் இன்னொன்று இருக்கலாம். மூன்று தடித்த கேபிள்களைத் தவிர மெல்லிய இரண்டு வயர்கள் ஓர் ஓரத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். நடுத்தர, பெரிய மோட்டார்கள் பலவற்றில் ஸ்பேஸ் ஹீட்டர் இருக்கும். மோட்டார் நிற்கும்போது உள்ளே ஈரம் படியாமல் லேசாகச் சூடாக வைத்திருப்பது அதன் வேலை. அதனால் அது மோட்டார் ஓடும்போது அணைந்திருக்கும், நின்றவுடன் எரியத் தொடங்கும். அதன் சப்ளை பெரும்பாலும் வேறு ஒரு சிறிய பிரேக்கரிலிருந்து வரும். மோட்டார் நின்றதே அந்த இரண்டு வயருக்கு 230 வோல்ட்டை அனுப்பியிருக்கும். மெயின் பிரேக்கரின் பூட்டு இதைத் தொடவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும் இடம் டெர்மினல் பாக்ஸ் அல்ல, வரைபடம். வேலை தொடங்கும் முன் அந்த மோட்டாரின் சர்க்கியூட் டயக்ராமைக் கேளுங்கள். இந்த உபகரணத்துக்குள் நுழையும் ஒவ்வொரு வயரும் எங்கிருந்து வருகிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். ஹீட்டர், மோட்டார் வெப்பநிலையை அளக்கும் வயர்கள், வேறு பேனலிலிருந்து வரும் இன்டர்லாக் வயர், யு.பி.எஸ். மூலம் வரும் கன்ட்ரோல் சப்ளை எல்லாம் அதில் இருக்கும். எத்தனை சப்ளை வருகிறதோ அத்தனைக்கும் பூட்டு, அத்தனை இடத்திலும் அளவு. வரைபடம் பழையதாக இருக்கலாம், அதனால் பாக்ஸைத் திறந்த பிறகு அதில் இல்லாத வயர் கண்ணில் பட்டால், லைவ் என்று எடுத்துக்கொண்டு மூடிவிட்டுக் கேளுங்கள். ஒரு பயிற்சியாளர் இந்த வேலைகளில் உண்மையாகவே உதவக்கூடிய இடம் இது. அவசரத்தில் இருக்கும் சீனியரைவிட உங்களுக்குத்தான் வரைபடத்தை நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது.

மோட்டார் நேரடி ஸ்டார்ட்டர் இல்லாமல், வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் மூலம் ஓடுகிறது என்றால் ஒரு காத்திருப்பும் சேரும். 400 வோல்ட் ஏ.சி.யை டிரைவ் உள்ளே ஏறக்குறைய 565 வோல்ட் டி.சி.யாக மாற்றிக் கெப்பாசிட்டரில் வைத்திருக்கும். பிரேக்கரை ஆஃப் செய்த பிறகும் அது மெதுவாகத்தான் இறங்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அந்த நேரம் போன பிறகு, உள்ளே உள்ள டி.சி. முனைகளை அளந்து பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். சார்ஜ் விளக்கு அணைந்தது சாட்சி அல்ல. அதோடு, பம்ப் என்பதால் டெலிவரி வால்வையும் மூடிப் பூட்டச் சொல்லுங்கள். குழாயில் நிற்கும் தண்ணீர் திரும்பி ஓடினால் பம்ப் பின்பக்கமாகச் சுழலும், தண்டின் அருகே கை இருந்தால் அது போதும். நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார் என்றால் அப்படிச் சுழலும்போது தானே மின்சாரமும் உண்டாக்கும்.

இதுவரை சொன்ன அளவீடுகளை நீங்கள் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பூஜ்யம் என்று உறுதியாகும் வரை அந்த டெர்மினல் லைவ். அதை அளப்பதே லைவ் வேலை. அளப்பவர் அந்த மின்னழுத்தத்துக்கான கையுறையும் முகக் கவசமும் போட்டிருக்க வேண்டும், அதற்குப் பயிற்சியும் அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். நீங்கள் விலகி நிற்க வேண்டும். அமெரிக்கத் தர நெறியான என்.எஃப்.பி.ஏ. 70இ, இந்த மின்னழுத்தத்தில் திறந்திருக்கும் லைவ் பாகத்துக்கு 3 அடி 6 அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 1 மீட்டருக்குள், தகுதி பெறாதவர் தனியாக வரக் கூடாது என்கிறது. உங்கள் ஆலையின் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் உங்களுக்கு விதி. விலகி நின்றாலும் வேடிக்கை பார்க்க வேண்டாம். அளவு ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுச் சொல்ல, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆறு வந்ததா, ஹீட்டர் வயர் வந்ததா, கருவியை மறுபடி சோதித்தாரா என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உறுத்தியது ஒன்று: சீனியர் "தன் பூட்டை" போட்டார். உங்கள் பூட்டு எங்கே? நட்டைக் கழற்றச் சொன்னது உங்களை. அவருடைய பூட்டு அவரைத்தான் காக்கும். போன் வந்து அவர் வேறு வேலைக்குப் போகலாம், ஷிப்ட் முடிந்து பூட்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாம், வேலை முடிந்துவிட்டது என்று தவறாக நினைக்கலாம். ஒரு கைப்பிடியில் பல பூட்டுகள் மாட்ட ஹாஸ்ப் என்ற இரும்புக் கொக்கி இருக்கிறது. பூட்ட வேண்டிய இடங்கள் அதிகம் என்றால், அந்தப் பூட்டுகளின் சாவிகளை ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியில் ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போடும் முறையும் உண்டு. எப்படியானாலும் வேலையில் கை வைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு, அதற்கு ஒரே சாவி, அந்தச் சாவி அவர் சட்டைப் பையில். பெயரும் நேரமும் எழுதிய டேக் அதோடு தொங்க வேண்டும். டேக் மட்டும் தொங்கினால் அது வேண்டுகோள்தான், கைப்பிடியைப் பிடித்து நிறுத்தாது.

பயிற்சியாளருக்குப் பூட்டுத் தரும் வழக்கம் இல்லை என்றால், பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டு வாங்குங்கள். அது வரும் வரை திறந்த டெர்மினலில் வேலை செய்யும் கட்டத்துக்குப் போகாதீர்கள், கருவி எடுத்துக் கொடுப்பதும் குறிப்பு எழுதுவதும் செய்யலாம்.

சீனியரிடம் எப்படிக் கேட்பது என்பதும் உங்களுக்கு ஒரு கவலை என்று புரிகிறது. "பயமாக இருக்கிறது" என்று சொன்னால் பேச்சு உங்கள் தைரியத்தைப் பற்றித் திரும்பிவிடும். வேலையைப் பற்றிய கேள்வியாகக் கேளுங்கள். "அண்ணே, இப்போ கான்டாக்டர் திறந்திருக்கே, ஐசொலேட்டர் அறுக்குதான்னு இதுல எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஹீட்டர் சப்ளை எந்த பிரேக்கர்ல இருந்து வருது?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்வார், பெரும்பாலும் பேனல் அறைக்கு நடப்பார். அதற்கும் "கழற்று" என்றே சொன்னால் கழற்றாதீர்கள். வேலைக்கான அனுமதிச் சீட்டான பெர்மிட்டில் கையெழுத்திட்டவரிடம் போய், ஐசொலேஷன் முழுமையாக இல்லை என்று சொல்லுங்கள்.

வேலை முடிந்து பூட்டை எடுக்கும் வரிசையும் பெர்மிட்டின் பகுதிதான். கருவிகளை எண்ணி எடுத்து, டெர்மினல் பாக்ஸ் மூடியையும் கப்ளிங் கவசத்தையும் திரும்ப மாட்டி, எல்லாரும் விலகியதைப் பார்த்து, செலக்டரை மேனுவலில் வைத்த பிறகுதான் பூட்டுகள் கழல வேண்டும். அவரவர் பூட்டை அவரவரே எடுக்க வேண்டும். உங்கள் பூட்டு கழன்றதிலிருந்து அந்த மோட்டார் உங்களைப் பொறுத்தவரை லைவ். உள்ளே ஒரு வாஷரை விட்டுவிட்டோம் என்று அடுத்த நிமிடமே நினைவு வந்தாலும், பிரேக்கர், பூட்டு, ஹீட்டர், கருவிச் சோதனை, ஆறு அளவு என்று முழுவதும் மறுபடி முதலிலிருந்து.